புரட்டாசியில் எழுத வேண்டிய இரண்டு பக்கம்

மதுரையில் நாற்பது பேர் உட்காரும் ஓர் அசைவ உணவகம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி, தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு வெப் டிசைனருக்குப் போன் போட்டு, "கிராண்டா ஒரு வெப்சைட் வேணும் தம்பி, எவ்வளவு ஆகும்?" என்கிறார். 15,000 ரூபாய் என்றும் சொல்லலாம், ஒன்றரை லட்சம் என்றும் சொல்லலாம். என்ன வேண்டும் என்று தெரியாமல் எந்தத் தொகையைச் சொன்னாலும் பாதி வேலையில் தகராறு வரும். பேரம் பேசுவதற்கு முன் முதலாளி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் எழுத வேண்டியது, இணையதளத்துக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது. "எங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியணும்" என்றால் டிசைனரால் அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. இந்தக் கடையின் உண்மையான சிக்கல் வேறு. காதுகுத்து, பிறந்தநாள், ரிசப்ஷன் என்று மொத்த பிரியாணி ஆர்டர் கேட்பவர்கள் மதியம் ஒரு மணிக்குப் போன் செய்கிறார்கள். கல்லாவில் கூட்டம், யாரும் எடுப்பதில்லை. ஆகவே குறிப்பில் இப்படி எழுதலாம்: "ஐம்பது பேருக்கு மேல் ஆர்டர் கேட்பவர் தேதி, தலைக்கணக்கு, இடம் மூன்றையும் நிரப்பினால் அது எங்கள் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும். இப்போது மாதம் ஆறு ஆர்டர் வருகிறது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு ஆக வேண்டும்."

இந்த நாலு வரியில் டிசைனருக்குப் பாதி வேலை தெளிவாகிவிடும். முகப்பில் முதலில் கண்ணில் பட வேண்டியது மொத்த ஆர்டர் பொத்தான். ஆன்லைனில் பணம் கட்டும் வசதி இப்போதைக்குத் தேவையில்லை. அந்தச் செலவும் மிச்சம். இன்னொரு வரியும் அவசியம்: "மட்டன் விலை ஏறினால் மெனு விலையை என் போனிலிருந்தே நான் மாற்ற வேண்டும்." இதை எழுதாமல் விட்டால், அச்சடித்த மெனு கார்டை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம். போனில் அதை விரித்து விரித்துப் படிக்கப் பொறுமை யாருக்கும் இருக்காது. விலை மாறும்போதெல்லாம் டிசைனரைக் கெஞ்ச வேண்டியும் வரும்.

பணத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். சொன்னால் முழுவதையும் வாங்கிவிடுவார் என்ற பயம். ஆனால் சொல்லாவிட்டால் டிசைனர் ஊகித்துத்தான் திட்டம் போடுவார். மொத்தம் 60,000 ரூபாய் என்று எழுதி, அதைப் பிரித்தும் காட்டலாம்: வடிவமைப்புக்கும் கட்டமைப்புக்கும் 40,000, உணவுப் படம் எடுப்பவருக்கு 10,000, டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் முதல் ஆண்டுக்கு 5,000, எதிர்பாராத செலவுக்கு 5,000. இதில் டொமைனும் ஹோஸ்டிங்கும் ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. டிசைனர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் 18 சதவீதம் கூடும். சொன்ன தொகை அதையும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டொமைன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலாளியின் மின்னஞ்சலில், முதலாளியின் கார்டில் வாங்க வேண்டும். டிசைனரின் கணக்கில் வாங்கிவிட்டு, அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் கடையின் பெயரே கைவிட்டுப் போகும். லாகின் ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று ஒருமுறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

காலத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். தை பிறந்ததும் விசேஷங்கள் வரிசைகட்டும். அதற்கான ஆர்டரை மார்கழியிலேயே பேசுவார்கள். ஆகவே டிசம்பர் 1-ம் தேதி தளம் ஓட வேண்டும். தாமதம் பெரும்பாலும் கடைக்காரர் பக்கத்திலிருந்துதான் வருகிறது. "மெனு அடுத்த வாரம் தர்றேன்" என்பது இரண்டு மாதம் இழுக்கும். அசைவக் கடைக்குப் புரட்டாசி மந்தமான மாதம். மெனு எழுதுவதையும் படம் எடுப்பதையும் அப்போதே முடித்துவிடலாம். ஐப்பசியில் தீபாவளி வாரத்தை விட்டுவிட்டு வடிவமைப்பு, கட்டமைப்பு. நவம்பர் கடைசியில் ஒரு வாரம் சோதனை. சோதனையைக் கடையில் வைஃபையை அணைத்துவிட்டு, விலை குறைந்த ஒரு போனில் செய்ய வேண்டும். பிரியாணிப் படம் மெதுவாக ஊர்ந்து வந்தால் படத்தின் அளவைக் குறைக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சம்மதம் சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். மச்சான் சிவப்பு கேட்பார், மகள் பச்சை கேட்பாள், திருத்தம் முடியாது. இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதிவிட்டால் இருவருக்கும் நியாயம். டிசைனரின் கட்டணத்தில் முன்பணம் 30 சதவீதம், வடிவமைப்பு ஒப்புக்கொண்டதும் 30, தளம் ஓடத் தொடங்கியதும் 30. மிச்சம் 10 சதவீதத்தை ஒரு மாதம் கழித்து, பாஸ்வேர்டுகள் எல்லாம் கைக்கு வந்து, முதலாளி தானே ஒரு விலையை மாற்றிப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.