பரணில் இருந்தே உதிரும் சோல்

கல்யாணத்துக்கு வாங்கி இரண்டே தடவை போட்ட ஷூ. ஐந்தாறு வருடம் பெட்டிக்குள் பத்திரமாகப் பரணில் இருந்தது. அடுத்த விசேஷத்துக்கு எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில், நடந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள் சிந்திக் கிடக்கின்றன. மேல்தோல் இன்னும் பளபளவென்று இருக்கிறது. அடிப்பாகமோ ஊறிப்போன பிஸ்கட் மாதிரி கையோடு வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் கோபம் வரும். பாவம், பெரும்பாலும் அவர் மேல் தப்பில்லை. அந்த சோல் பாலியூரித்தேன். போடாமல் வைத்திருந்ததால் அது தப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைகளில் இதை 'பியூ சோல்' என்பார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சுக்குள் ஊற்றினால் அது நுரைத்துப் பொங்கிச் சில நிமிடங்களில் இறுகிவிடும். அச்சின் மேலேயே ஷூவின் மேல்பாகத்தைப் பொருத்தி வைத்திருப்பதால், பசையும் தையலும் இல்லாமல் சோல் அதோடு ஒட்டிக்கொண்டே உருவாகிறது. ஆபீஸ் ஷூ, பாதுகாப்பு ஷூ, டாக்டர் செருப்பு என்று விற்பவை பலவற்றின் அடியில் இருப்பது இதுதான்.

இதில் இரண்டு ரகம் உண்டு. காலணிக்கு அதிகம் பயன்படுவது பாலியெஸ்டர் வகை. தேய்மானத்தைத் தாங்கும், எளிதில் கிழியாது. ஆனால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் வரிசையாக இருக்கும் எஸ்டர் கண்ணிகளைத் தண்ணீர் அறுத்துவிடும். மழையில் நனைய வேண்டும் என்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரப்பதமே போதும். ஒவ்வொரு கண்ணி அறும்போதும் கொஞ்சம் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த கண்ணி அறுவதை வேகப்படுத்துகிறது. அதனால்தான் பல வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசியில் சில வாரங்களில் மொத்தமாக உதிர்ந்ததுபோல் தோன்றுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடலோர ஊர்களில் ஓட்டுக்கூரைக்கோ தளத்துக்கோ நேர் கீழே இருக்கும் பரணைவிட இதற்கு மோசமான இடம் கிடையாது. 1980களில் வந்த கூடைப்பந்து ஷூக்களைச் சேகரித்து வைத்திருக்கும் வெளிநாட்டு ரசிகர்களுக்கும் இதே தலைவலிதான். கண்ணாடிப் பெட்டிக்குள் புதுசாகவே இருக்கும் ஷூவைக் காலில் போட முடியாது.

பாலியீதர் என்ற இன்னொரு ரகம் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் தேய்மானத்தில் பாலியெஸ்டர் அளவுக்கு வராது, விலையும் பொதுவாகக் கூடுதல்.

இவ்வளவு சொன்ன பிறகும் தினமும் நடப்பவருக்கு பியூ கெட்ட பொருள் அல்ல. கூரியர் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 260 கிலோமீட்டர் ஆகிறது. வருடத்துக்கு மூவாயிரத்தைத் தாண்டும். அவருடைய பியூ சோல் உதிர்வதற்கு முன்பே தேய்ந்து, வேலையை முடித்திருக்கும். அடர்த்தியான நுரை என்பதால் மாதக்கணக்கில் மிதித்தாலும் சட்டென்று அமுங்கிப் போகாது. உதிர்வு என்பது எப்போதாவது போடுபவரின் பிரச்சினை. விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் ஷூவுக்கு ரப்பர் சோலே புத்திசாலித்தனம்.

நுரை என்று பொதுவாகச் சொல்வது ஈவிஏ. ஸ்போர்ட்ஸ் ஷூவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பட்டை, ரப்பர் மாதிரியே தெரிந்தாலும் கையில் எடுத்தால் எடையே இல்லாத வீட்டுச் செருப்பு, இரண்டும் பெரும்பாலும் இதுதான். தண்ணீருக்கு இது அசையாது, பரணில் இருந்தாலும் பியூ போல மாவாகாது. இதன் நோய் வேறு. உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழுகின்றன, நாள்பட நாள்பட முழுசாக எழுவதில்லை. ஓடுபவர்களுக்கு 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்றச் சொல்வது இதனால்தான். ஓடும்போது காலில் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. நடக்கும்போது எடையைவிடச் சற்றே அதிகம். ஆகவே கூரியர்காரரின் நுரை மூன்று மாதத்தைத் தாண்டியும் உழைக்கும். ஆனால் வருடம் முழுக்க மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எப்போது தீர்ந்தது என்று கண்டுபிடிக்க ஷூவை ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்துவிட்டு, மேசையில் நிறுத்திப் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். குதிகாலுக்குக் கீழே உள்ள பக்கச்சுவரில் படுக்கைவாட்டுச் சுருக்கங்கள் அப்போதும் மறையாமல் இருந்தாலோ, ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, நுரை செத்துவிட்டது. மேலே துணி கிழியவில்லையே என்று அதையே இழுத்துக்கொண்டு நடப்பவர்கள்தான் நம்மில் அதிகம். ஈவிஏவுக்குச் சூடும் ஆகாது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கிடந்த செருப்பு ஒரு சைஸ் சுருங்கிப்போவது இதனால்தான்.

பிடிமானத்தில் ரப்பரை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடிவதில்லை. ஈரமான டைல்ஸில் இது நன்றாகத் தெரியும். நல்ல ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. ஈவிஏவின் கோடுகள் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்து வழவழப்பாகிவிடும், அதற்குப் பிறகு பாத்ரூம் வாசலில் அது ஆபத்து. பியூ இரண்டுக்கும் நடுவில். ஆனால் கெட்டியான ரப்பரில் மெத்து குறைவு, கனம் அதிகம். எனவே தினமும் நெடுந்தூரம் நடப்பவருக்கு நடுவில் நுரையும், அடியில் குதிகாலிலும் முன்பாதத்திலுமாவது மூன்று நான்கு மில்லிமீட்டர் ரப்பரும் சேர்ந்த ஷூ பொருந்தும்.

மெத்துக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று என்று அடுக்கும் இந்த வழி வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த காலத்திலிருந்தே, உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமல் காக்கும் செருப்பு அங்கே பெரிய வேலையாக இருந்தது. எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் அதற்குப் பயன்பட்டது. அதன் மென்மை ஷோர் அளவையில் சுமார் 15. சாதாரண ஷூ சோல் அதே அளவையில் 60ஐ ஒட்டி இருக்கும். அவ்வளவு மென்மையான பொருள் ரோட்டில் தாங்காது என்பதால் அதைப் பாதத்தை ஒட்டி வைத்து, தரையில் படும் பக்கம் கெட்டியான ரப்பரை ஒட்டுவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்றும் எழுதிக் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு இதே அமைப்புதான்.

பியூ வாங்குபவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் பார்த்துவிட வேண்டும். தள்ளுபடியில் குவித்து வைத்திருக்கும் ஷூ மூன்று வருடம் கிடங்கில் இருந்திருந்தால், அதன் ஆயுளில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. வீட்டில் உள்ள பழையதை வெளியே போடுவதற்கு முன் சோலை நன்றாக வளைத்து, பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, நகம் பட்ட இடம் பொடியாக வந்தாலோ அது நடப்பதற்கு லாயக்கில்லை. பசை போட்டு ஒட்டித் தரச் சொல்லி எடுத்துப் போனால் விவரம் தெரிந்த செருப்புத் தைப்பவர் கையை விரித்துவிடுவார்; பசை பிடித்துக்கொள்ள வேண்டிய பரப்பே உதிர்கிறதே. பியூவை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோல் வைத்துத் தைத்தால்தான் உண்டு. மேல்தோல் நல்ல தோலாக இருந்தால் அந்தக் கூலி கொடுக்கலாம், ரெக்ஸினாக இருந்தால் புதுசு வாங்குவதே மேல்.