ஒரு ரயில் நிலையம், இரண்டு சட்டங்கள்

ஹாங்காங்கின் மேற்கு கவுலூன் ரயில் நிலையம் 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சீனப் பெருநிலத்துக்கு அதிவேக ரயில்கள் புறப்படும் அந்த நிலையத்தின் அடித்தளத்தில், பயணிகள் முதலில் ஹாங்காங் குடியேற்ற அதிகாரிகளைக் கடக்கிறார்கள். சில அடிகள் நடந்ததும் சீனக் காவலர்கள் நிற்கிறார்கள். ஹாங்காங்கின் எல்லைக்கோடு வடக்கே வெகுதூரத்தில் இருந்தாலும், நிலையத்தின் அந்தப் பகுதியில் சீனப் பெருநிலத்தின் சட்டமே செல்லும். அங்கே ஒருவர் குற்றம் செய்தால் மரண தண்டனை உள்ள சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படலாம். சில அடிகள் பின்னால் நின்றிருந்தால், 1993-லேயே மரண தண்டனையை ஒழித்துவிட்ட சட்டம் அவருக்குப் பொருந்தியிருக்கும். ஓடும் ரயில் பெட்டிக்குள்ளும் சீனச் சட்டம்தான். ஆனால் அந்த ரயில் ஓடும் சுரங்கப்பாதை ஹாங்காங் சட்டத்துக்கு உட்பட்டது.

இந்த விசித்திரமான ஏற்பாட்டின் வேர் 1984-ல் இருக்கிறது. அந்த ஆண்டு பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனத்தின்படி, 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவின் 'சிறப்பு நிர்வாகப் பகுதி' ஆனது. அதற்கென்று 1990-லேயே பெய்ஜிங்கில் ஓர் அடிப்படைச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது. முதலாளித்துவ முறையும் வாழ்க்கை முறையும் 50 ஆண்டுகளுக்கு மாறாது என்று அதன் 5-ஆவது பிரிவு சொல்கிறது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பொதுச்சட்ட முறை தொடரும் என்கிறது 8-ஆவது பிரிவு. இந்திய நீதிமன்றங்களுக்கும் அதே முறைதான் மூதாதை. ஹாங்காங்கில் வசூலாகும் வரியில் ஒரு காசுகூட பெய்ஜிங்குக்குப் போகாது என்று 106-ஆவது பிரிவு உறுதியளிக்கிறது. போர்ச்சுக்கல்லிடமிருந்து 1999-ல் திரும்பிய மக்காவுக்கும் இதேபோன்ற சட்டம் உண்டு. பெருநிலத்தில் தடைசெய்யப்பட்ட சூதாட்ட விடுதிகள் அங்கே மட்டும் சட்டப்படி நடப்பது அதனால்தான்.

காகிதத்தில் எழுதிய உறுதிமொழி நடைமுறையில் எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்க, முதலில் பணத்தைப் பார்க்க வேண்டும்.

பெருநிலத்தில் யுவான் புழங்குகிறது. அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. ஹாங்காங் டாலருக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்று 1983 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பு, ஆட்சி மாறிய பிறகும் அப்படியே தொடர்கிறது. நோட்டுகளை மூன்று வணிக வங்கிகள் அச்சிடுகின்றன. ஒவ்வொரு 7.80 டாலர் நோட்டுக்கும் ஓர் அமெரிக்க டாலரை அவை ஹாங்காங் நாணய ஆணையத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். இன்றைக்கு அந்த மதிப்பு 7.75-க்கும் 7.85-க்கும் இடையே மட்டுமே ஏறி இறங்க முடியும்.

மக்கள் பயந்துபோய் ஹாங்காங் டாலரை விற்கத் தொடங்கினால் மதிப்பு 7.85-ஐத் தொடும். அந்த விலையில், வங்கிகள் விற்கும் ஹாங்காங் டாலரை ஆணையம் வாங்கிக்கொண்டு அமெரிக்க டாலரைக் கொடுத்தே தீர வேண்டும். அதனால் ஊரில் ஹாங்காங் டாலரின் கையிருப்பு குறைகிறது, வட்டி ஏறுகிறது. வட்டி ஏறியதும் அந்த டாலரை வைத்திருப்பதே லாபம் என்று பணம் திரும்பி வருகிறது. 1997 அக்டோபரில் ஆசிய நிதி நெருக்கடி தாக்கியபோது, வங்கிகள் ஒரே இரவுக்குத் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் கடனின் வட்டி சிறிது நேரம் 280 சதவீதத்தைத் தொட்டது. நாணயத்தின் மதிப்பு உடையவில்லை. ஆனால் கடன் வாங்கியவர்கள் நொறுங்கினார்கள். வீட்டு விலை பல ஆண்டுகள் சரிந்துகொண்டே போனது.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஹாங்காங்கின் வியாபாரம் சீனாவோடு பின்னியிருக்கிறது, வட்டியோ வாஷிங்டனில் முடிவாகிறது. 2022, 2023 ஆண்டுகளில் சீனா வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவைப் பின்பற்றி ஹாங்காங் உயர்த்த வேண்டியிருந்தது. இருந்தும் பெய்ஜிங் இந்த நாணயத்தில் கைவைக்கவில்லை. சீன நிறுவனங்கள் உலகச் சந்தையில் தடையின்றிப் பணம் திரட்ட அதற்கு ஹாங்காங் தேவைப்படுகிறது. தனி நாணயம் இருபுறமும் பயன்தருகிறது, அதனால் அதை இருபுறமும் காக்கிறார்கள்.

சட்டத்தின் கதை வேறு. ஹாங்காங் தன் வழக்குகளைத் தானே இறுதியாகத் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கென்று அங்கே உச்ச அதிகாரம் கொண்ட இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. வெளிநாட்டு நீதிபதிகளைக்கூட அமர்வுக்கு அழைக்கலாம். ஆனால் அடிப்படைச் சட்டத்தின் 158-ஆவது பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரத்தைப் பெய்ஜிங்கில் உள்ள தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் வைத்திருக்கிறது. அது நீதிமன்றம் அல்ல, நாடாளுமன்றத்தின் நிரந்தரக் குழு.

அதன் பொருள் 1999-ல் தெரிந்தது. ஹாங்காங் நிரந்தரவாசிகளுக்குப் பெருநிலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஹாங்காங்கில் வாழும் உரிமை உண்டு என்று அடிப்படைச் சட்டம் சொல்லியிருந்தது. பெருநில அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி வாங்கினால்தான் அந்த உரிமை செல்லும் என்று உள்ளூர்ச் சட்டம் ஒன்று நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனை செல்லாது என்று ஜனவரி 29 அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறக்கும்போது பெற்றோர் நிரந்தரவாசியாக இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும் அன்றே சொன்னது.

பத்தாண்டுகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிடக்கூடும் என்று ஹாங்காங் அரசு கணக்குக் காட்டியது. வழக்கில் தோற்ற அந்த அரசே பெய்ஜிங்கை அணுகியது. ஜூன் 26 அன்று நிலைக்குழு தன் விளக்கத்தை வெளியிட்டது: வெளியேறும் அனுமதி அவசியம், பிள்ளை பிறக்கும்போதே பெற்றோரில் ஒருவராவது நிரந்தரவாசியாக இருந்திருக்க வேண்டும். வழக்கில் வென்றவர்களின் தீர்ப்பு மட்டும் தப்பியது. அவர்களைப் போலவே காத்திருந்த மற்றவர்களுக்குக் கதவு மூடியது. ஹாங்காங் வழக்கறிஞர்கள் கறுப்பு உடையில் மௌன ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில், நிலைக்குழுவின் அதிகாரம் வரம்பற்றது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

மத்தியச் சட்டங்களை நேரடியாக நுழைக்கவும் ஒரு வாசல் உண்டு. அடிப்படைச் சட்டத்தின் மூன்றாவது இணைப்பில் சேர்க்கப்படும் சீனச் சட்டங்கள் ஹாங்காங்குக்கும் பொருந்தும். கொடி, தேசிய கீதம் போன்றவைதான் அதில் இருந்தன. 2020 ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் அதில் சேர்க்கப்பட்டது. ஹாங்காங் சட்டமன்றத்தில் அதற்கு விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. உள்ளூர்ச் சட்டத்தோடு முரண்பட்டால் இதுவே செல்லும். இதன் கீழ் வரும் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளை ஹாங்காங்கின் தலைமை நிர்வாகியே நியமிக்கிறார். சில வழக்குகளைப் பெருநில நீதிமன்றங்களுக்கே மாற்றவும் இடமிருக்கிறது. அதற்கு அடுத்த மாதமே, ஹாங்காங்கைச் சீனாவிலிருந்து பிரித்துப் பார்க்கும் வர்த்தகச் சலுகையை அமெரிக்கா விலக்கிக்கொண்டது. வெளிநாட்டு நீதிபதிகள் சிலர் ஒவ்வொருவராகப் பதவி விலகினார்கள்.

ஆகவே ஹாங்காங்கின் தனித்தன்மை இருக்கிறதா, போய்விட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. வணிக ஒப்பந்த வழக்கு இன்றும் பொதுச்சட்டப்படியே நடக்கிறது, வரியும் சுங்கமும் நாணயமும் தனியாகவே இருக்கின்றன. அரசியல் வழக்குகளில் அந்தச் சுவர் பெருமளவு இறங்கிவிட்டது. மத்திய அரசுக்குப் பயன்படும் வேறுபாடு நிலைத்தது, அதற்குச் சங்கடம் தரும் வேறுபாடு சுருங்கியது. ஐம்பது ஆண்டு உறுதிமொழி 2047-ல் முடிகிறது. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று காலாவதியாகும் ஏராளமான நிலக் குத்தகைகளை இன்னும் 50 ஆண்டுகளுக்கு நீட்டிக்க ஹாங்காங் 2024-லேயே சட்டம் இயற்றிவிட்டது. நீதிமன்றங்களுக்கு அப்படி எந்த நீட்டிப்பும் இதுவரை சட்டமாக எழுதப்படவில்லை.