கொதிக்காமலே ஆவியாகும் நீர்

தடித்த சுவர் கொண்ட சிறிய கண்ணாடிக் குழாய் ஒன்று. உள்ளே கார்பன் டைஆக்சைடை அழுத்தி நிரப்பி, இரு முனைகளையும் உருக்கி மூடியிருக்கிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் பார்த்தால், குழாயின் கீழ்ப்பாதியில் தண்ணீர் போலத் தெளிந்த திரவம் நிற்கிறது. மேலே வாயு. இரண்டுக்கும் நடுவில் திரவத்தின் மேற்பரப்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரிகிறது.

குழாயை மெல்லச் சூடாக்குகிறோம். ஒரு குமிழிகூட எழவில்லை. 30 டிகிரியைத் தாண்டும்போது கோடு தட்டையாகி மங்கத் தொடங்குகிறது. 31 டிகிரியை நெருங்கும்போது குழாய்க்குள் பால் கலந்தது போல ஒரு வெண்மை படர்கிறது. இன்னும் சற்றுச் சூடானால் வெண்மை விலகி எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் கோடு இல்லை. திரவம் மேலே ஏறி வாயுவை நிரப்பவில்லை. வாயு கீழே இறங்கவும் இல்லை. எல்லை மட்டும் அழிந்துவிட்டது. குழாய் முழுவதும் இப்போது ஒரே பொருள். அதைத் திரவம் என்பதா, வாயு என்பதா? இரண்டு பெயரும் பொருந்தாததால்தான் மீமாறுநிலைப் பாய்மம் என்று மூன்றாவது பெயர் வைத்தார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். 1822-இல் பிரான்சின் கானியார் த லா தூர், மூடிய துப்பாக்கிக் குழலுக்குள் திரவத்தோடு ஒரு கல்லுருண்டையையும் போட்டுச் சூடாக்கி, குழலை ஆட்டிப் பார்த்தார். உருண்டை திரவத்தில் விழும் ஓசை ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் கேட்கவே இல்லை. பின்னர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டைஆக்சைடை வைத்துப் பல ஆண்டுகள் அளந்து, 1869-இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்ட எல்லை வெப்பநிலை 30.9 டிகிரி. இன்றைய அளவு 31.0 டிகிரி, அழுத்தம் 73.8 பார். (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்.) இந்த இடத்துக்குத்தான் மாறுநிலைப் புள்ளி என்று பெயர்.

கோடு ஏன் அழிகிறது என்பதை அடுப்பங்கரையிலிருந்தே தொடங்கலாம். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் அழுத்தம் இரு மடங்கானதும் 120 டிகிரி வரை காத்திருந்துதான் கொதிக்கிறது. அழுத்தத்தை மேலும் மேலும் கூட்டினால் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். அப்போது இன்னொன்றும் நடக்கிறது. சூடு ஏற ஏறத் தண்ணீர் விரிந்து லேசாகிறது. அழுத்தத்தில் ஆவி நெருங்கிக் கனமாகிறது. 100 டிகிரியில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 958 கிலோ. அதே அளவு ஆவியின் எடை 600 கிராம்தான். 200 பாரில், 366 டிகிரியில், தண்ணீர் 490 கிலோவுக்கு இறங்கிவிட்டது, ஆவி 170 கிலோவுக்கு ஏறிவிட்டது. 374 டிகிரி, 221 பார் என்ற இடத்தில் இரண்டும் 322 கிலோவில் சந்திக்கின்றன. அடர்த்தியில் வேறுபாடு இல்லையென்றால் நடுவே மேற்பரப்பு எப்படி இருக்கும்?

கொதித்தல் என்பது வெறுமனே சூடாவது அல்ல. அடர்ந்த ஒன்றுக்குள் அடர்த்தி குறைந்த இன்னொன்று தனியாகப் பிரிந்து, தனக்கென ஒரு சுவரோடு குமிழியாக நிற்பதுதான் கொதித்தல். அந்தச் சுவரைத் தருவது பரப்பு இழுவிசை. மாறுநிலைப் புள்ளியில் அது பூஜ்ஜியமாகிவிடும். தண்ணீரை ஆவியாக்க நாம் தனியாகச் செலவிடும் உள்ளுறை வெப்பமும் அப்படித்தான்: 100 டிகிரியில் கிலோவுக்கு 2,257 கிலோஜூல், 200 பாரில் 600-க்கும் குறைவு, மாறுநிலையில் ஒன்றுமே இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இந்தச் சூட்டில் அவற்றின் ஓட்டம் அந்த இழுப்பை மீறிவிடுவதால், அடர்ந்த கூட்டம் ஒருபக்கமாக நிலைத்து நிற்க முடிவதில்லை. அங்கங்கே கூடுகின்றன, உடனே கலைகின்றன. புள்ளிக்கு மிக அருகில் இந்தக் கூட்டங்கள் ஒளியின் அலைநீளம் அளவுக்குப் பெரிதாகி ஒளியைச் சிதறடிக்கும். குழாயில் பார்த்த பால் வெண்மை அதுதான்.

ஆண்ட்ரூஸ் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கார்பன் டைஆக்சைடு வாயுவை எடுத்து 50 டிகிரியில் வைத்து, 150 மடங்கு வளிமண்டல அழுத்தம் வரை அழுத்தினார். பிறகு அழுத்தத்தை விடாமல் அறைச் சூட்டுக்குக் குளிரவைத்தார். எந்த இடத்திலும் துளி படியவில்லை, கோடு தோன்றவில்லை, பருமன் திடீரென்று குறையவில்லை. ஆனால் கடைசியில் குழாயில் இருந்தது திரவம். அழுத்தத்தைத் தளர்த்தியதும் அது கொதித்து அதைக் காட்டிக்கொடுத்தது. ஆற்றைக் கடக்காமல், அது பிறக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்கு வந்தது போல, கொதிநிலைக் கோடு முடியும் இடத்தைச் சுற்றி வந்துவிட்டார்.

அதனால்தான் பாடநூல் வரைபடங்களில் மீமாறுநிலைப் பகுதியைச் சுற்றிப் போடும் புள்ளிக்கோடுகளை உண்மையான வேலி என்று நினைக்கக் கூடாது. அவை நாம் வசதிக்காக இட்டவை. 250 பாரில் தண்ணீரைச் சூடாக்கி 374 டிகிரியைக் கடந்தால், அந்த இடத்தில் குறிப்பாக எதுவும் நடப்பதில்லை.

ஆனால் கொஞ்சம் தள்ளி நடக்கிறது. அதே 250 பாரில் 375 டிகிரியில் கன மீட்டருக்கு 500 கிலோ இருந்த நீர், 400 டிகிரியில் 167 கிலோ ஆகிவிடும். இந்த 25 டிகிரிக்கு ஒவ்வொரு கிலோவும் குடிக்கும் வெப்பம் சுமார் 730 கிலோஜூல். சாதாரணத் தண்ணீருக்கு 25 டிகிரி ஏற்ற 105 போதும். இங்கே ஏழு மடங்கு. கொதித்தல் ஒரே படியாக இருந்தது, இங்கே செங்குத்தான சரிவாக மாறியிருக்கிறது. 250 பாரில் சரிவு மிகச் செங்குத்தாக இருப்பது சுமார் 385 டிகிரியில். 300 பாருக்குப் போனால் அது 400 டிகிரியை ஒட்டி நகர்ந்து, சற்றுச் சாய்வாகவும் ஆகும். அழுத்தம் கூடக் கூட அந்தச் சரிவும் கரைந்துவிடும்.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலையில் இருக்கும் 800 மெகாவாட் அலகு, இந்த மீமாறுநிலை முறையில் இயங்குவதுதான். பழைய கொதிகலன்களின் உச்சியில் ஒரு பெரிய உருளை இருக்கும். கொதிக்கும் நீரிலிருந்து ஆவியைப் பிரிப்பது அதன் வேலை. மீமாறுநிலை அழுத்தத்தில் பிரிக்க எதுவும் இல்லாததால் அந்த உருளையும் இல்லை. ஒரு முனையில் நுழையும் நீர் குழாய்களின் வழியே ஓடி, மறுமுனையில் ஆவியாக வெளியேறிவிடும்.

கொதிக்காததால் குழாய்க்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். உலையின் தீ பலமாகவும் உள்ளே ஓட்டம் மந்தமாகவும் இருந்தால், சுவரை ஒட்டிய நீர் அந்தச் சரிவை முதலில் கடந்து லேசாகிவிடும். நடுவில் ஓடுவது இன்னும் கனமாகத்தான் இருக்கும். லேசான படலம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. குளிர்ச்சி கிடைக்காத உலோகம் சூடேறும். உள்ளே குமிழியும் இல்லை, சத்தமும் இல்லை. குழாயின் மேல் பொருத்திய வெப்ப உணரி, பக்கத்துக் குழாய்களைவிட ஒரே இடத்தில் கூடுதலாகக் காட்டுவதுதான் அடையாளம். ஓட்டத்தைக் கூட்டுவது, தீயைப் பரப்பிவிடுவது, குழாயின் உட்சுவரில் திருகு போன்ற வரிகளை அமைத்து நீரைச் சுழலவிடுவது ஆகியவை இதற்கு வழி.

அலகைத் தொடங்கும்போது அழுத்தம் 221 பாருக்குக் கீழேதான் இருக்கும். அப்போது அதே குழாய்களில் நீர் வழக்கம்போலக் கொதிக்கும். அதற்காகவே குழாய்களின் முடிவில் ஒரு சிறிய பிரிப்பான் கலத்தை வைத்திருக்கிறார்கள். மின்சுமை ஏறியபின் அதில் தண்ணீர் தேங்குவதில்லை.