கழிவுநீர்க் குழாய் நாலு வீட்டுக்கும் பொது... பழுதானால் யார் பணம் கொடுப்பது?

காலையில் எழுந்து பார்த்தால் வீட்டின் பின்பக்கம் ஒரே நாற்றம். தரையில் பதித்த இரும்பு மூடியின் ஓரத்தில் கழிவுநீர் பொங்கி வழிகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "இது உங்க குழாய் மட்டும் இல்லீங்க, பக்கத்து வீட்டுக்காரங்களோடதும்தான்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "எங்க வீட்டுல ஒண்ணும் பொங்கலையே!" என்கிறார்.

இப்போது செலவு யாருடையது?

சிங்கப்பூரின் பழைய வரிசைத் தரைவீடுகளில் இது அவ்வப்போது வரும் சிக்கல். கொஞ்சம் விவரம் தெரிந்தால், சண்டை இல்லாமல் பேசி முடிக்கலாம்.

பொதுக் குழாய் என்றால் என்ன?

சாலையோரத்திலோ பின்சந்திலோ ஓடும் பெரிய சாக்கடைக் குழாயைப் பராமரிப்பது பொதுப் பயனீட்டுக் கழகம். வீட்டு வளாகத்துக்குள் ஓடும் சிறிய குழாய் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

பல வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் இருக்காது. பின்கட்டுகளுக்கு அடியில் ஒரே குழாய் வீடு வீடாக ஓடிக் கடைசியில் சாலையோரக் குழாயில் சேரும். அந்தக் குழாயைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையாளர்கள் எல்லாருக்கும் அதைப் பராமரிக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. யார் எவ்வளவு தருவது என்பதைத்தான் அண்டைவீட்டார் பேசி முடிக்க வேண்டும்.

அடைப்பு எங்கே என்று எப்படித் தெரியும்?

பணத்தைப் பற்றிப் பேசும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வரிசையில் ஐந்து வீடுகள்: எண் 10, 8, 6, 4, 2. கழிவுநீர் எண் 10-இலிருந்து தொடங்கி எண் 2-ஐத் தாண்டிச் சாலையோரக் குழாயில் சேர்கிறது. ஒவ்வொரு வீட்டின் பின்கட்டிலும் இரும்பு மூடி போட்ட சோதனைக் குழி இருக்கிறது. பிளம்பர்கள் அதை 'ஐசி' என்பார்கள்.

பிளம்பர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். எண் 4-இன் குழி நிரம்பி வழிகிறது, எண் 2-இன் குழி காலி என்றால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். எண் 2-இன் குழியும் சாலையோர ஆள்நுழைவுக் குழியும் சேர்ந்தே நிரம்பியிருந்தால், சிக்கல் அநேகமாகப் பொதுச் சாக்கடையில். அப்போது 1800-2255-782 என்ற எண்ணில் பொதுப் பயனீட்டுக் கழகத்தை அழையுங்கள். நீங்கள் யாரிடமும் பணம் கேட்க வேண்டியிருக்காது.

இந்த மூடிகளை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே நச்சுவாயு இருக்கலாம்.

நம் எடுத்துக்காட்டில் கழிவுநீர் பொங்குவது எண் 4-இல் மட்டும்தான். ஆனால் அது எண் 4-இன் தவறு அல்ல. அடைப்புக்கு மிக அருகில், தாழ்வான திறப்பு அங்கே இருப்பதால் மேலே உள்ள நான்கு வீட்டுத் தண்ணீரும் அங்கே வெளியே வருகிறது. "எங்க வீட்டுல பொங்கல" என்று சொல்பவரின் தண்ணீரும் அதில் இருக்கிறது.

யார் யார் பங்கு தர வேண்டும்?

நியாயமான கணக்கு இதுதான்: பழுதான இடத்தின் வழியாக யாருடைய தண்ணீர் போகிறதோ, அவர்கள் தர வேண்டும். இங்கே அவை எண் 10, 8, 6, 4. எண் 2-இன் தண்ணீர் பழுதுக்குக் கீழேதான் குழாயில் சேர்கிறது. அவரிடம் இந்தப் பகுதிக்குப் பங்கு கேட்டால் மற்ற பேச்சும் கெட்டுப்போகும்.

அடைப்பை எடுத்த பிறகு குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுடுமண் குழாய்களில் இணைப்பு விரிசல் விட்டு மரவேர் நுழைந்திருக்கும். அதை வெறுமனே அடித்துக் கழுவினால் சில மாதங்களில் மறுபடி அடைக்கும். அந்த வீடியோதான் அண்டைவீட்டாரிடம் காட்ட உங்களிடம் இருக்கும் நல்ல சான்று.

கேமராச் சோதனைக்கு 400 வெள்ளி, தோண்டிக் குழாய் மாற்றித் தரையை மூட 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,400. நான்கு வீட்டுக்கும் ஆளுக்கு 1,100 வெள்ளி.

"எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான், அவங்க ஆறு பேரு" என்று ஒருவர் சொல்லலாம். வேரும் விரிசலும் காரணம் என்றால் சமபங்குதான் பொருத்தம். குழாய் பழசானதற்கும் ஆள் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. சமையல் எண்ணெய் உறைந்து அடைத்திருந்தால் அவர் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அது யார் வீட்டு எண்ணெய் என்று நிரூபிக்க முடியாது. அந்த வாதத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எண் 4 தன் சமையலறையை நீட்டிக் கட்டி, குழியின் மேல் விலை உயர்ந்த ஓடு பதித்திருந்தால், அந்த ஓட்டுச் செலவை எல்லார் தலையிலும் வைப்பது நியாயமாகாது. சாதாரண சிமெண்ட் தரையாக மூடும் செலவு பொது. அதற்கு மேல் ஆவது எண் 4-இன் கணக்கு.

எப்படிக் கேட்பது?

வேலை முடிந்தபின் பில்லைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். பெரும்பாலும் கோபம் அங்கேதான் தொடங்கும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள்:

"ஆன்ட்டி, உங்க வீட்டுத் தண்ணியும் எங்க வீட்டுத் தண்ணியும் ஒரே குழாய்லதான் போகுது. உடைஞ்ச இடம் நம்ம ரெண்டு வீட்டுக்கும் கீழ இருக்கு. வீடியோ அனுப்பறேன், பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பிளம்பர் இருந்தா அவர்கிட்டயும் விலை கேட்போம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். தானே ஒரு விலை கேட்டு வந்தவர் 'ஏமாத்துறாங்க' என்று நினைக்க மாட்டார்.

வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் குடியிருப்பவரிடம் பணம் கேட்காதீர்கள். உரிமையாளரின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாரும் சரி என்றதும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுங்கள்: என்ன வேலை, எந்தத் தேதி, மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு வீட்டின் பங்கு எவ்வளவு. தோண்டியபின் செலவு கூடினால், எல்லாரிடமும் கேட்காமல் வேலை தொடராது என்பதையும் சேருங்கள். ஒவ்வொருவரும் 'சம்மதம்' என்று பதில் போடட்டும். முடிந்தால் ஒவ்வொரு வீடும் தன் பங்கை நேராகக் குத்தகையாளருக்கே செலுத்தலாம். அப்போது யாரும் முழுப் பணத்தையும் முதலில் போட்டுவிட்டுப் பின்னால் அலைய வேண்டாம்.

ஒருவர் மட்டும் மறுத்தால்?

வீடியோவையும் விலைப்பட்டியலையும் எழுத்தில் இன்னொரு முறை அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சமூக சமரச நிலையத்தை நாடலாம். அங்கே நடுநிலையான சமரசர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் உடன்பாடு.

ஆனால் கழிவுநீர் அதுவரை காத்திருக்காது. அது மழைநீர்க் கால்வாயில் கலந்தால் வேறு சிக்கல் வரும். குழாயைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளர்களுக்கு உத்தரவிடவும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் மற்ற மூன்று வீடுகளும் இப்போதைக்கு ஆளுக்குச் சுமார் 1,467 வெள்ளி போட்டு வேலையை முடிப்பதே நடைமுறை. வீடியோ, விலைப்பட்டியல்கள், அனுப்பிய செய்திகள், ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் சமரசரிடமோ வழக்கறிஞரிடமோ போனால் முதலில் கேட்கப்படுவது அவைதான்.

மறுத்தவருக்காக நீங்கள் கூடுதலாகப் போட்டது ஆளுக்கு 367 வெள்ளி. அதற்காக எத்தனை ஆண்டு பேசாமல் இருக்கப் போகிறீர்கள் என்பதையும் மூன்று வீட்டாரும் உட்கார்ந்து யோசிக்கலாம். குழாய் அடுத்த முறை அவர் வீட்டுக்குக் கீழேயும் உடையலாம்.