கணக்குப்பிள்ளை எழுதிய கடிதம்

சரக்கு எடுத்த வியாபாரி தவணைக்குப் பணம் அனுப்பாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பில் எண், தேதி, தொகை மூன்றையும் குறித்து நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறோம். அதே முறையில் நம் கடை ஊழியரே நமக்கு எழுதினால்? எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் பெயர்களை நீக்கி அதைக் கீழே தருகிறேன்.

என்னுடையது மளிகை மொத்த வியாபாரம். ஊழியர் ஐந்து பேர். விலை ஏறும் என்று நம்பித் துவரம் பருப்பை ரொக்கத்தில் வாங்கிக் குடோனில் அடுக்கினேன். வெளியூர்ச் சில்லறைக் கடைகளின் பாக்கியும் நின்றுவிட்டது. ஆகஸ்ட் 13 காலை, கணக்குப்பிள்ளை பேரேட்டோடு ஒரு தாளையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மாதச் சம்பளம் ரூ.15,000 என்றும், அது அடுத்த மாதம் 5ஆம் தேதி தரப்படும் என்றும் தாங்கள் சொன்னீர்கள். அதற்கு ஒப்பித்தான் சேர்ந்தேன். மே மாதச் சம்பளம் ஜூன் 9ஆம் தேதியும், ஜூன் மாதச் சம்பளம் ஜூலை 11ஆம் தேதியும் கிடைத்தன. ஜூலை மாதச் சம்பளம் இன்று வரை வரவில்லை. நான் வாங்கிய முன்பணத்துக்கு மாதப் பிடித்தம் ரூ.500 போக, எனக்கு வரவேண்டியது ரூ.14,500.

வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை. இம்மாதம் இரண்டுக்கும் கடன் வாங்கினேன். கடையின் பண நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆயினும், வரும் சனிக்கிழமைக்குள் சம்பளத்தைத் தரவும், இனி 5ஆம் தேதி தவறாமல் இருக்கவும் வேண்டுகிறேன். முழுத் தொகையும் இயலாவிட்டால், எவ்வளவு, எந்தத் தேதியில் என்று தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)"

படித்தவுடன் கோபம்தான் வந்தது. "கேட்கும்போதெல்லாம் முன்பணம் கொடுக்கிறோமே!" என்று நினைத்தேன். ஆனால் மறுக்க ஒரு வரியும் இல்லை. பேசிய தேதி, பணம் வந்த தேதிகள், பாக்கித் தொகை எல்லாம் சரி. தனக்குப் பாதகமான பிடித்தத்தையும் அவரே கழித்துக் காட்டியிருந்தார். குறை கூறவில்லை, மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. கோபப்பட்டு எழுதியிருந்தால் நானும் கோபத்தைக் காரணம் காட்டித் தப்பியிருப்பேன். கணக்காக எழுதியதால் கணக்காகவே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றிரவு பேரேட்டைப் புரட்டினேன். ஜி.எஸ்.டி. வரியை 20ஆம் தேதிக்கு மேல் தள்ளியதில்லை. லாரி வாடகை சரக்கு இறங்கியதும் போயிருக்கிறது. வங்கி வட்டியும் தவறவில்லை. தவறினால் அபராதம் உள்ள இடங்களுக்கெல்லாம் பணம் இருந்திருக்கிறது. கேட்கத் தயங்குபவரின் பணம் மட்டுமே குடோனில் பருப்பாகக் கிடந்தது. முன்பணம் என்று நான் பெருமையாக நினைத்ததும் பாதி நேரம் தாமதமான சம்பளத்தின் ஒரு பகுதியே.

மறுநாள் பத்து மூட்டையைச் சந்தை விலைக்குத் தள்ளிவிட்டு, ஐவருக்கும் பாக்கியைத் தீர்த்தேன். ஊதியப் பதிவேட்டில் தொகைக்கு எதிரே கொடுத்த தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடிதத்துக்கு இரண்டு வரியில் எழுத்திலேயே பதில் கொடுத்தேன்.

ஐவரின் மாதச் சம்பளம் மொத்தம் ரூ.68,000. கடை திறக்கும் நாள் 26. தினமும் இரவு கல்லா எண்ணும்போது ரூ.2,700 எடுத்துத் தனி வங்கிக் கணக்கில் போடுகிறேன். மாதக் கடைசியில் ரூ.70,200 சேர்ந்துவிடும். அந்தப் பணத்தில் சரக்கு வாங்குவதில்லை. வியாபாரம் மந்தமான நாளில் இத்தொகை ஒதுக்க முடியாமல் போனால், அதுவே எனக்கு எச்சரிக்கை: கடன் சரக்கை நிறுத்தி, பாக்கி வசூலுக்குக் கிளம்ப வேண்டும் என்று பொருள். முன்பே இருந்திருந்தால், ஜூன் மாதமே விழித்திருப்பேன்.

சட்டத்தையும் அன்பர்கள் அறிந்திருப்பது நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். வசூல் வரவில்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. 5ஆம் தேதி என்று நாமே சொல்லியிருந்தால், 7 வரை பொறுக்கச் சொல்வதும் முறையல்ல.

கணக்குப்பிள்ளை இன்றும் என்னிடமே இருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதும் முன், வேறொரு கடையில் வேலைக்குப் பேசிவைத்திருந்தாராம். இதைப் பல மாதம் கழித்துத்தான் சொன்னார்.