எண்ணெய் என்று மட்டும் எழுதியிருந்தது

பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். மூன்றாவது மாடி வார்டு வாசலில் சாப்பாட்டு டிராலி வந்து நின்றது. மூடியிட்ட டிரே ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பெயர், படுக்கை எண், ‘நார்மல் டயட்’, ‘சுகர் டயட்’ என்று உணவு வகை. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வழியில் நின்றிருந்த டிராலியைத் தள்ளி வைக்கப் போனபோது ஒரு மூடி நழுவியது. புளிக்குழம்பு. அதன் மேலாக எழுந்த வாசனையில் அவர் நின்றுவிட்டார். “அண்ணே, இதுல நல்லெண்ணெய் ஊத்தியிருக்கா?” என்று டிராலிக்காரரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. சீட்டில் இருந்த படுக்கை எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் அந்த டிரேயை எடுத்துத் தனியே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். மணிக்கட்டு முறிந்து படுத்திருந்த அந்தப் பள்ளி ஆசிரியைக்குக் காலையில் மாத்திரை கொடுக்கும்போது கையில் சிவப்புப் பட்டையைப் பார்த்திருக்கிறார். எள் அலர்ஜி.

நான் அந்த மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். அந்த டிரேயை அங்கே அனுப்பிய வழியில் என் கையெழுத்தும் இருந்தது என்பதால் இதை வெளியாள் போலச் சொல்ல முடியாது.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். அலர்ஜியை உண்டாக்குவது கொழுப்பு அல்ல, புரதம். எள் ஆகாதவர் உடம்பில் எள்ளின் சில புரதங்களை அடையாளம் காணும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் முன்பே உருவாகி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. புரதம் வந்து அதில் மாட்டியதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களைச் சில நிமிடங்களில் கொட்டிவிடுகின்றன. உதடு வீங்கும், தடிப்பு வரும், மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் சரியும். சரி, எண்ணெய் என்றால் வெறும் கொழுப்புதானே, அதில் புரதம் எங்கிருந்து வந்தது?

எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். விதைக்குள் அது குளம்போல் தேங்கி இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். இத்தனை சின்னத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெரிய துளியாகிவிடாமல் தடுக்க, ஒவ்வொன்றின் மேலும் விதை ஒரு புரதப் போர்வையைப் போர்த்துகிறது. ஒலியோசின் என்று அதற்குப் பெயர். அந்தப் புரதத்தின் நடுப்பகுதி எண்ணெய்க்குள் ஆணிபோல் இறங்கியிருக்கும். செக்கில் எள் நசுங்கும்போது துளிகள் உடைந்து எண்ணெய் வெளியே வருகிறது. எண்ணெயோடு பழகிய இந்தப் புரதத்திலும் கொஞ்சம் கூடவே வந்துவிடுகிறது. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்களைச் சுத்திகரிக்கும்போது புரதம் பெரும்பாலும் கழிந்துபோகும். நல்லெண்ணெயை நாம் அதன் மணத்துக்காகவே வாங்குகிறோம்; அதனால் சுத்திகரிக்காமல் சாப்பிடுகிறோம். நர்ஸின் மூக்கு கண்டுபிடித்ததும் அந்தச் சுத்திகரிக்காத தன்மையைத்தான்.

இதில் இன்னொரு கோணல் உண்டு. அந்த ஆசிரியைக்குச் சில வருஷம் முன்பு வேறோர் ஊரில் தோலில் ஊசி குத்தும் சோதனை செய்து, “ஒண்ணுமில்ல” என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சோதனைக்கான திரவம் பொதுவாக நீர்க் கரைசலில் தயாராவது. தண்ணீரில் கரையும் எள் புரதங்கள் அதில் இருக்கும். எண்ணெயை விட்டுப் பிரிய மனமில்லாத ஒலியோசின் அதில் அவ்வளவாக இறங்காது. எள் தின்றால் மூச்சு முட்டுகிறது, ஊசிச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்ற நிலையில் இருந்த நோயாளிகளிடம்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒலியோசினைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இவருக்கும் அதுதான் காரணமா என்று அந்தப் படுக்கையருகே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சோதனையில் ஒன்றும் இல்லை என்ற சீட்டு, சின்ன வயதில் எள்ளுருண்டை தின்று மூச்சு முட்டியதை அழித்துவிடாது.

இனி டிரே வந்த வழிக்கு வருவோம். அட்மிஷன் அன்று அவர் சொன்ன வாக்கியம், “எனக்கு எள்ளு ஆகாது”. இந்த ‘ஆகாது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கத்திரிக்காய் ஆகாது என்றால் அரிக்கும் என்று அர்த்தம். தயிர் ஆகாது என்றால் சளி பிடிக்கும். எள்ளு சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது. பால் ஆகாது என்பவருக்குப் பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காது, வயிறு உப்பும். ஆனால் அதே சொல்லைச் சொல்லும் இன்னொருவருக்குப் பாலின் புரதமே மூச்சை அடைக்கலாம். விருப்பமின்மை, நம்பிக்கை, அஜீரணம், உயிர் போகும் அலர்ஜி எல்லாமே ஒரே சொல்லுக்குள். அன்று சீட்டு எழுதிய நர்ஸ் அதோடு விடாமல், “சாப்பிட்டா என்ன ஆச்சு, எவ்வளவு நேரத்துல ஆச்சு, ஒவ்வொரு தடவையும் ஆச்சா?” என்று கேட்டிருக்கிறார். உதடு வீங்கியது, கால் மணி நேரத்துக்குள், இரண்டு தடவை. உடனே கையில் சிவப்புப் பட்டை. அதுவரை எல்லாம் சரி.

அடுத்தது கம்ப்யூட்டர். எங்கள் மென்பொருளில் உணவு அலர்ஜிக்கு ஒரு பட்டியல் விரியும்: பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலையும் பிற கொட்டைகளும், சோயா, கோதுமை வகை, சல்பைட். பாக்கெட் உணவுக்கு இந்தியாவில் 2020-இல் வந்த லேபிள் விதிகளில் இருக்கும் பட்டியலும் இதேதான். அதில் எள் கிடையாது. ஐரோப்பியப் பட்டியலில் எள் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் லேபிளில் சொல்லியாக வேண்டும். எள்ளையே எண்ணெயாகவும் பொடியாகவும் உருண்டையாகவும் தின்னும் நம் நாட்டின் பட்டியலில் அது இல்லாதது எனக்கு இன்றுவரை வியப்புதான். பட்டியலில் இல்லாததால் நான் ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ‘எள்’ என்று தட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று எழுந்தேன். ‘மற்றவை’ கட்டத்தில் எழுதுவது டிரே சீட்டில் அச்சாகாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

ஏன் அச்சாகாது? விசாரித்தபோது தெரிந்தது: முன்பு அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கட்டம் முழுக்கக் ‘கத்திரிக்காய் ஆகாது’, ‘சூடு’, ‘பூசணி வேண்டாம்’ என்று நிறைந்து, சமையலறையில் யாரும் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். சீட்டு நீளமாகிறது என்று ஒருநாள் எடுத்துவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் அடிக்கிற மணியை யாரும் காதில் வாங்குவதில்லை.

மூன்றாவது இடம் சமையலறை. புளிக்குழம்பின் ரெசிபி அட்டையில் புளி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் கிராம் கணக்கோடு இருந்தன. கடைசியில் ‘எண்ணெய்’ என்று மட்டும் இருந்தது. நாங்கள் படித்தவர்கள் அதைச் சூரியகாந்தி எண்ணெய் என்று வாசித்தோம்; ஸ்டோரிலிருந்து டின்டின்னாகப் போவது அதுதான். மாஸ்டர் தாளிப்பதும் அதில்தான். ஆனால் இறக்கும்போது மேலே ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெய் விடுவார். “அது இல்லாம புளிக்குழம்பு எப்படி மேடம்?” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எள் நெய்தான் எண்ணெய். ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு எள்ளிலிருந்து வருவது என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. பிறகு தேங்காய்க்கும் கடலைக்கும், ஏன், மண்ணெண்ணெய்க்கும்கூட அதைக் கடன் கொடுத்துவிட்டோம். கொடுத்த பிறகு எள்ளின் எண்ணெய்க்கு முன்னால் ‘நல்ல’ என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எங்கள் அட்டையில் எள் பட்டவர்த்தனமாக எழுதப்பட்டிருந்தது. படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இதை ‘நியர் மிஸ்’ என்று எழுதினோம். மருத்துவமனைகளில் அந்தச் சொல்லுக்கு எல்லை உண்டு. தவறு நோயாளியை எட்டுமுன் தடுக்கப்பட்டால் நியர் மிஸ். அவர் ஒரு கவளம் சாப்பிட்டு, நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அது வேறு கணக்கு: எட்டியது, தீங்கில்லை. டிரே வாசலிலேயே நின்றதால் இது முதல் வகை.

ஃபார்மில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: ‘எது தடுத்தது?’ எது தவறியது என்பதைவிட இதற்குப் பதில் எழுதுவதுதான் கடினம். சமையலறை சூப்பர்வைசர் டிராலிக்காரரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். குவாலிட்டி பிரிவில் இருந்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிராலிக்காரர் தன் சீட்டில் இருந்ததைச் சரியாகவே செய்திருந்தார். அவரை மாற்றி வேறொருவரை நிறுத்தினாலும் அதே டிரே அதே வாசலுக்கு வந்திருக்கும். எது தடுத்தது என்பதற்கு நான் எழுதியது: நழுவிய மூடி, ஒரு மூக்கு, காலையில் பார்த்த சிவப்புப் பட்டை. அவற்றில் பட்டை ஒன்றுதான் நாங்கள் ஏற்பாடு செய்தது. நர்ஸுக்கு அன்று ஜலதோஷம் என்றால்? அந்த நர்ஸ் அன்று விடுமுறை என்றால்?

தடுக்காமல் போயிருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் எளிதல்ல. கையில் அறுவை முடிந்து மறுநாள், வலிக்கு ஊசி போயிருக்கிறது. மயக்கம் வந்தாலும் வாந்தி வந்தாலும் முதலில் அந்த மருந்தின் மேல்தான் சந்தேகம் போகும். மாஸ்ட் செல்கள் கொட்டும் டிரிப்டேஸ் என்ற பொருளை ரத்தத்தில் அளந்து பார்க்கலாம். சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். உணவால் வரும் அலர்ஜியில் அது ஏறாமலே இருப்பதும் உண்டு. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது: மூச்சோ ரத்த அழுத்தமோ சரிகிறது என்றால் தொடைத் தசையில் அட்ரினலின் உடனே போக வேண்டும்.

மாற்றியவை சில. பட்டியலில் எள் சேர்க்கச் சொல்லி மென்பொருள் கம்பெனிக்கு எழுதினோம். அது வரும்வரை ரோஸ் நிற அட்டையில் கையால் எழுதி டிரேயில் செருகினோம். ‘ஆகாது’ என்று யார் சொன்னாலும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, வேண்டாததை ஒரு கட்டத்திலும் அலர்ஜியை வேறொரு கட்டத்திலும் எழுதுவது என்று பிரித்தோம். ரெசிபி அட்டைகளில் ‘எண்ணெய்’ என்ற சொல்லை அடித்துவிட்டு எந்த எண்ணெய் என்று எழுத உட்கார்ந்தோம். மாஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பொரியல், சூரியகாந்தி. ரசம், நெய். பருப்புப்பொடியில் எள் இல்லை, இட்லிப்பொடியில் உண்டு. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், எல்லாம் முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

“இட்லிய எழுதலையே மேடம்” என்றார் மாஸ்டர்.

“இட்லியில என்ன எண்ணெய் இருக்கு, மாஸ்டர்?”

“இட்லியில இல்ல. தட்டுல தடவுவோம்ல?”