குறுகிய கால வேலைகளை ரெஸ்யூமேயில் எழுதும் முறை

ரெஸ்யூமேயின் அனுபவப் பகுதியைப் பார்க்கும் எச்.ஆர். அலுவலரின் கண் முதலில் போவது நிறுவனப் பெயர், பதவி, தேதி ஆகிய மூன்றின் மேல்தான். வேலையின் விவரத்தைப் படிப்பது அதற்குப் பிறகு. ஏழு மாதம், ஒன்பது மாதம், ஐந்து மாதம் எனத் தேதிகள் அடுக்காக வந்தால், ‘இவர் எங்கும் நிலைக்க மாட்டார்’ என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிடும். அந்த மாற்றங்களில் எத்தனை அவராகவே தேடிப்போனவை, எத்தனை வேலையின் தன்மையால் வந்தவை என்பது அந்த அடுக்கில் தெரிவதில்லை. அதைத் தெரியவைப்பதே எழுதுபவரின் வேலை.

சென்னையில் மென்பொருள் சோதனைப் பணி செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2018 ஜூன் முதல் 2020 மே வரை ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலை. ஆட்குறைப்பில் அது போயிற்று. 2020 செப்டம்பரில் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாகக் காப்பீட்டு கம்பெனியில் 7 மாதம், பிறகு வங்கியில் 9 மாதம், அடுத்து மருத்துவமனை மென்பொருள் கம்பெனியில் 10 மாதம். 2022 நவம்பரில் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார். ஐந்தே மாதத்தில் அதை மூடிவிட்டார்கள். 2023 ஏப்ரலிலிருந்து இப்போதைய வேலை.

நடந்ததை நடந்தபடி எழுதினால் ஆறு வேலைகள். அவற்றில் நடுவிலுள்ள நான்கும் ஓராண்டைத் தொடாதவை. ஆனால் காப்பீடு, வங்கி, மருத்துவமனை மூன்றிலும் வேலை பார்த்தபோது சம்பளம் கொடுத்தது, பி.எஃப். கட்டியது, ரிலீவிங் லெட்டர் தந்தது எல்லாம் அந்த ஆள் அனுப்பும் நிறுவனமே. அவருடைய முதலாளி ஒருவர்தான். ஆகவே தலைப்பு வரியில் அந்த நிறுவனத்தின் பெயரையும் ‘2020 செப்டம்பர் – 2022 அக்டோபர்’ என்ற தேதியையும் போட்டு, மூன்று கிளையன்ட்டுகளையும் அதன் கீழே உள்வரிகளாக, அவரவர் மாதங்களோடு எழுத வேண்டும். மூன்று குறுகிய வேலைகள் இரண்டு ஆண்டு இரண்டு மாதத் தொடர்ச்சியாக நிற்கும். அதில் பொய் ஏதுமில்லை. சொல்லப்போனால், கிளையன்ட்டின் பெயரை முதலாளியாக எழுதுவதுதான் தவறான தகவல். சரிபார்ப்பவர்கள் அந்த வங்கியில் விசாரித்தால் ‘இப்படி ஒருவர் எங்கள் பேரோலில் இல்லை’ என்றே பதில் வரும்.

ஒவ்வொரு முறையும் அனுப்பிய நிறுவனம் வேறாக இருந்தால் இப்படி ஒரே பெயரில் சேர்க்க முடியாது. அப்போது ‘கான்ட்ராக்ட் பணிகள்’ என்று பொதுத் தலைப்பு கொடுத்து, உள்வரி ஒவ்வொன்றிலும் சம்பளம் தந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடலாம்.

மூடப்பட்ட ஸ்டார்ட்அப்பின் தேதிக்குப் பக்கத்தில் ‘நிறுவனம் மூடப்பட்டது’ என்ற இரண்டு சொல் போதும். முதல் வேலைக்கு ‘ஆட்குறைப்பு’ என்ற ஒரு சொல். மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை, சம்பளம் தள்ளிப்போனது போன்ற காரணங்களுக்கு ரெஸ்யூமேயில் இடமில்லை. நேர்காணலில் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து மாத வேலையில் முடித்துக் காட்டியது ஒன்று இருந்தால் அந்த ஒன்றை மட்டும் எழுதுவது நல்லது. ‘பணம் செலுத்தும் பகுதிக்கான சோதனைகளைத் தானியங்கியாக்கியது’ என்ற ஒரு வரிக்கு இருக்கும் கனம், பொறுப்புகளை எட்டு வரியில் பட்டியலிடுவதற்கு இல்லை.

மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. ‘2022–2023’ என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம் என்பது படிப்பவருக்குத் தெரியும். அவர் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வார். சில வேலைக்கு மாதத்தோடும் சிலவற்றுக்கு ஆண்டு மட்டுமாகவும் எழுதுவது இன்னும் மோசம். மறைத்த இடம் எது என்பதை அதுவே காட்டிவிடும்.

இரண்டு மாதத்தில் விட்ட வேலையை ரெஸ்யூமேயிலிருந்து நீக்கலாமா? நீக்கலாம், எல்லா வேலையையும் ரெஸ்யூமேயில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் நிறுவனம் தரும் விண்ணப்பத்திலோ பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்திலோ ‘இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்’ என்று கேட்டிருந்தால் அங்கே கட்டாயம் எழுத வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குப் பி.எஃப். கட்டப்பட்டிருந்தால், யு.ஏ.என். எண்ணின் கீழுள்ள பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். நீக்கிய வேலையின் இடைவெளியை நிரப்ப முந்தைய வேலையின் தேதியை நீட்டுவது மிகவும் ஆபத்து; ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிட்டதும் அது வெளிப்பட்டு, கைக்கு வந்த ஆஃபர்கூடத் திரும்பப் பெறப்படலாம். ரெஸ்யூமேயை அனுப்புமுன் அந்தப் பணி வரலாற்றைத் திறந்து தேதிகளை வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டும். பழைய நிறுவனம் விலகிய தேதியைத் தவறாகப் பதிந்திருந்தால் திருத்தக் கேட்க அதுவே நேரம்.

இந்த வழிகளுக்கு ஓர் எல்லை உண்டு. கடைசி மூன்று வேலைகளும் நிரந்தர வேலைகளாக இருந்து, மூன்றையும் ஓராண்டுக்குள் தானாகவே விட்டவருக்கு எந்தத் தலைப்பும் உதவாது. அவர் தேதிகளை அப்படியே எழுதி, அடுத்த வேலையில் எதைத் தேடுகிறார், அது இந்த நிறுவனத்தில் எப்படிக் கிடைக்கும் என்பதை விண்ணப்பக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லலாம்.